மரமஞ்சள்

கண்டியில் தடிமன் பிடித்தால் கொத்தமல்லியோடு வெனிவெல் போட்டு அவிப்பார்கள். சிங்களத்தில் 'வெல்' என்றால் கொடி. தமிழில் வெனிவெல்தான் மரமஞ்சள். இது மரம் அல்ல, காட்டில் படரும் பெருங்கொடி. கட்டை மஞ்சளாக இருப்பதால் வந்த பெயர். வடமொழியின் தாருஹரித்ராவும் கட்டை, மஞ்சள் என்ற அதே சேர்க்கைதான்.

பழைய மருத்துவ ஏட்டிலிருந்து எழுதிய படியை ஆங்கிலமாக்குபவருக்குச் சிக்கல் இங்கேதான். தாருஹரித்ரா வட இந்தியாவில் பெர்பெரிஸ் என்ற முட்செடி. இலங்கையிலும் தென்னகத்திலும் கொசினியம் என்ற கொடி. இரண்டிலும் பெர்பெரின் உண்டு. ஆகவே கசப்பும் மஞ்சள் நிறமும் அடையாளம் ஆகா. கட்டையா, கொடித்துண்டா, வேர்ப்பட்டையா, எதைச் சேர்க்கச் சொல்கிறது என்று ஏட்டையே கேட்க வேண்டும். கொடியை நறுக்கச் சொன்னால் கொசினியம். வேர்ப்பட்டையைக் காய்ச்சி இறுக்கி ரசாஞ்சனம் எடுக்கச் சொன்னால் பெர்பெரிஸ் பக்கம் சாயலாம்.

அதற்கு முன் படியையும் சோதிக்க வேண்டும். பழைய ஏட்டில் புள்ளி இராது, ரகரமும் காலும் ஒரே வடிவம். 'மரமஞசள' என்பதை 'மாமஞசள' என்று படித்துவிட்டால் கொடி கிழங்காகிவிடும். மாங்காய் மணமுள்ள மாமஞ்சளும் மருந்துச் சரக்குதானே.

பேராதனை உலர்தாவரச் சேகரத்தின் மாதிரியையும், டிரைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலின் சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதன் பிறகும் ஐயம் நின்றால், மொழிபெயர்ப்பில் 'மரமஞ்சள்' என்ற ஒலியையே வைத்து, தாவரப் பெயரைக் கேள்விக்குறியோடு அடிக்குறிப்பில் தருவதே நேர்மை. மருந்து அளவோடு வரும் வரியில் ஊகத்தைத் தீர்ப்பாக எழுதக் கூடாது.