சளி போன பிறகும் வாசம் தெரியவில்லையா? காரணமும் குணமாகும் காலமும்

கோத்தா திங்கியில் ஆண்டுக் கடைசியில் பருவமழை தொடங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு சளி, இருமல்தான். பெரும்பாலோருக்கு ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் மூக்கடைப்பு விட்டு, காய்ச்சலும் போய், தோட்ட வேலைக்கோ கடைக்கோ திரும்பிய பிறகும் ஒரு குறை நிற்கும். அடுப்பில் கடுகும் கருவேப்பிலையும் தாளித்தாலும் வாசம் வராது. நெத்திலி சம்பல் வெறும் உப்பும் காரமுமாக இருக்கும். 'நாக்கு செத்துப்போச்சு' என்று சொல்வார்கள். பழுது அநேகமாக நாக்கில் இல்லை, மூக்கில்தான்.

நாக்கா, மூக்கா?

நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றோடு கறிச்சாறு, காளான் போன்றவற்றில் வரும் 'உமாமி' சுவையையும் மட்டுமே. ஏலக்காய் டீக்கும் இஞ்சி டீக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வது மூக்கு. மெல்லும்போது உணவின் வாசம் தொண்டையின் பின்புறமாக மூக்கின் மேற்பகுதிக்கு ஏறுகிறது. இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் 'ருசி' என்கிறோம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். உப்பு, சீனி, எலுமிச்சைச் சாறு மூன்றையும் ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பாருங்கள். மூன்றும் வேறு வேறாகத் தெரிந்தால் நாக்கு நன்றாக இருக்கிறது. அடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் மிட்டாயை மெல்லுங்கள். வெறும் இனிப்புதான் தெரியும். மூக்கை விட்டவுடன் ஏலக்காய் வாசம் வர வேண்டும். விட்ட பிறகும் இனிப்பு மட்டுமே என்றால் வாசம் அறியும் பகுதியில்தான் குறை.

இந்தச் சோதனைக்குக் கோடாலித் தைலமோ புதினா மிட்டாயோ வேண்டாம். அவற்றின் குளிர்ச்சியையும் எரிச்சலையும் உணர்வது முகத்தில் ஓடும் வேறொரு நரம்பு. வாசமே தெரியாதவர்களுக்கும் தைலம் 'சுரீர்' என்று ஏறும். அதை நம்பி 'எனக்கு மூக்கு நன்றாக இருக்கிறது' என்று ஏமாந்துவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன?

மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே உள்ள உயரத்தில், தபால்தலை அளவுள்ள ஒரு சவ்வு இருக்கிறது. வாசம் பிடிக்கும் நரம்பணுக்கள் அதில்தான் இருக்கின்றன. அவற்றின் இழைகள் மண்டை ஓட்டில் உள்ள சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியாக மூளைக்குச் செல்கின்றன. சளி இந்த ஏற்பாட்டை இரண்டு விதமாகக் கெடுக்கிறது.

முதலாவது, வழி அடைபடுவது. வீக்கமும் சளியும் சேர்ந்து காற்று அந்த உச்சி வரை போகாமல் தடுக்கும். நரம்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடைப்பு விட்டதும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில், வாசமும் திரும்பிவிடும்.

இரண்டாவது, சவ்வே காயப்படுவது. சாதாரணச் சளிக் கிருமி, இன்ஃபுளுயன்சா, கோவிட் போன்றவை அந்தச் சவ்வின் அணுக்களைத் தாக்குகின்றன. காற்று தாராளமாகப் போகும், ஆனால் அதைப் பிடிக்க ஆள் குறைவு. மூக்கு திறந்திருந்தும் வாசம் இல்லை என்றால் இந்த வகைதான். நாற்பது வயதைக் கடந்தவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இது அதிகம் காணப்படுகிறது.

இங்கே ஓர் ஆறுதல் உண்டு. வாசம் பிடிக்கும் நரம்பணுக்கள் உடலில் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைக்கும் வெகுசில நரம்பணுக்களில் சேர்ந்தவை. சவ்வின் அடியில் உள்ள மூல அணுக்கள் புதியவற்றை உருவாக்கும். அவை வளர்ந்து, இழை நீட்டி, மூளையில் சரியான இடத்தில் இணைய வேண்டும். அதனால்தான் குணமாவது நாள் கணக்கில் இல்லாமல் மாதக் கணக்கில் நடக்கிறது.

எவ்வளவு காலம் பிடிக்கும்?

கோவிட்டால் வாசம் இழந்தவர்களைப் பற்றிய 18 ஆய்வுகளைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்து 2022-இல் வெளியிட்டார்கள். அதன்படி ஒரு மாதத்தில் 100 பேரில் ஏறக்குறைய 74 பேருக்கும், மூன்று மாதத்தில் 90 பேருக்கும், ஆறு மாதத்தில் 96 பேருக்கும் வாசம் திரும்பியிருந்தது. இது பெரும்பாலும் நோயாளிகள் தாங்களே சொன்னதை வைத்துக் கணக்கிட்டது. கருவி கொண்டு சோதித்தால் முழுமையாகத் திரும்பாதவர்கள் இன்னும் கூடுதலாக இருப்பார்கள்.

மற்ற சளிக் கிருமிகளால் சவ்வு காயப்பட்டு, பல மாதமாகியும் சரியாகாமல் நிபுணரிடம் வருபவர்களின் நிலை வேறு. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஓராண்டு அளவில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. இரண்டு, மூன்று ஆண்டுகள் வரையிலும் மெல்ல முன்னேறுபவர்கள் உண்டு. எண் குறைவாகத் தெரிவதற்குக் காரணம், சீக்கிரம் குணமானவர்கள் நிபுணரிடம் வருவதே இல்லை.

ஒரு வீட்டில் நடப்பது

தாமான் வீட்டில் இருக்கும் 52 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். இது இத்தகைய நோயாளிகளிடம் வழக்கமாகக் காணப்படுவதைத் தொகுத்துச் சொல்லும் எடுத்துக்காட்டு.

முதல் வாரம் காய்ச்சல், மூக்கடைப்பு. பத்தாம் நாள் மூக்கு திறந்துவிட்டது, ஆனால் தாளிப்பு வாசம் இல்லை. மூன்றாம் வாரம் மகன், "அம்மா, சாம்பார்ல இவ்வளவு உப்பா?" என்று கேட்ட பிறகுதான் தாம் உப்பைக் கூட்டிக்கொண்டே போவது அவருக்குத் தெரிகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. நீரிழிவு உள்ளவர்கள் இதே போல் சீனியைக் கூட்டிவிடுவார்கள். வாசம் இல்லாத காலத்தில் உப்பையும் சீனியையும் கரண்டியால் அளந்து போடுவதும், புளி, எலுமிச்சை, மிளகு, மொறுமொறுப்பு ஆகியவற்றால் ருசி கூட்டுவதும் நல்லது.

மூன்றாம் மாதம் புதுத் தொல்லை. காலைக் காப்பி ஒட்டுப்பால் போல நாறுகிறது. வதக்கிய வெங்காயம், பூண்டு, பொரித்த கோழி எல்லாம் குமட்டுகிறது. அவர் நோய் முற்றிவிட்டதோ என்று பயப்படுகிறார். இது வாசம் திரிந்து தெரியும் கட்டம். புதிய நரம்பணுக்கள் பாதிதான் இணைந்திருப்பதால், காப்பியின் பல நூறு மணப்பொருள்களில் சிலவற்றின் செய்தி மட்டும் மூளைக்குப் போகிறது. மூளை அதை நாற்றமாகப் படிக்கிறது. நரம்பு முளைக்கத் தொடங்கியவர்களிடம் இது அதிகம் வருகிறது. இந்த நாள்களில் சூடான, பொரித்த உணவைவிட ஆறிய உணவு, தயிர்ச்சோறு, இட்லி, பழம் ஆகியவை எளிதாக இறங்கும். சாப்பாட்டையே வெறுத்து எடை குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் மாதம் எலுமிச்சை முதலில் தெரிகிறது. ஒன்பதாம் மாதம் பெரும்பாலான வாசங்கள் வந்துவிட்டன. காப்பி மட்டும் இன்னும் பழைய காப்பி இல்லை. இப்படி ஓரளவு குறையோடு நின்றுவிடுவதும் உண்டு.

முகர்ந்து பயிற்சி

உறுதியான ஆதாரமுள்ள எளிய வழி முகர்தல் பயிற்சி. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தோமஸ் ஹும்மல் என்ற பேராசிரியரின் குழு இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை, 12 வாரம் முகர்ந்தவர்களில், பயிற்சி செய்யாதவர்களைவிட அதிகம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது.

வீட்டில் செய்ய நான்கு சிறு போத்தல்கள் போதும். ஒன்றில் ரோஜா எண்ணெய் அல்லது பன்னீர் நனைத்த பஞ்சு, ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் நசுக்கிய கிராம்பு, ஒன்றில் யூக்கலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு விட்ட பஞ்சு. காலையும் இரவும் ஒவ்வொன்றையும் 15 முதல் 20 விநாடி மெதுவாக முகர்ந்து, அந்த வாசம் முன்பு எப்படி இருந்தது என்று நினைவுபடுத்த வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். வாசம் குறைந்ததும் பொருளை மாற்றுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் நிறுத்தக்கூடாது. குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் தொடர வேண்டும். தைலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் நஞ்சு. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை விட்டு வேறு மணம் தேர்ந்தெடுக்கலாம்.

ஆவி பிடிப்பது சளியை இளக்கும், காயப்பட்ட நரம்பை வளர்க்காது. மூக்கடைப்பு நீக்கும் ஸ்ப்ரேயை ஒரு வாரத்துக்கு மேல் விடாமல் அடித்தால் அடைப்பே கூடும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதற்குக் கொதிக்க வைத்து ஆறிய நீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

வீட்டுக்குள் உள்ள ஆபத்து

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்றே நாற்றம் சேர்க்கிறார்கள். வாசம் தெரியாதவருக்கு அந்த எச்சரிக்கை இல்லை. சமையல் முடிந்ததும் எரிவாயு தோம்பின் ரெகுலேட்டரை மூடுவதை வழக்கமாக்குங்கள். தோம்பு மாற்றும்போது இணைப்பிலும் குழாயிலும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. அடுப்பில் ஏதும் இருக்கும்போது அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள். மிச்ச உணவில் தேதி எழுதி வையுங்கள், கெட்டதா என்று மூக்குள்ள ஒருவரைக் கேளுங்கள். தோட்டத்தில் மருந்து அடிப்பவர்கள், 'நாற்றம் வரவில்லை, தோம்பு ஒழுகவில்லை' என்று நினைக்கக்கூடாது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சளி போய் நான்கு வாரமாகியும் மாற்றம் இல்லை என்றால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போகலாம். அங்கே மூக்கினுள் பார்த்து, தேவைப்பட்டால் காது, மூக்கு, தொண்டை நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். கோத்தா திங்கி மக்களுக்கு ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. எப்போது சளி பிடித்தது, எப்போது வாசம் போனது, சாப்பிடும் மருந்துகள் எவை என்று எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

சில அறிகுறிகளுக்கு நான்கு வாரம் காத்திருக்கக்கூடாது. மூக்கில் ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, இரத்தம் வருதல், கழுத்தில் கட்டி, முகம் மரத்துப்போதல், பார்வை மாறுதல், தலையில் அடிபட்ட பிறகு வாசம் போதல் ஆகியவை இருந்தால் உடனே போக வேண்டும். சளியே பிடிக்காமல் வாசம் மெல்ல மெல்லக் குறைந்தால் அதற்குக் காரணம் வேறு. மூக்கில் வளரும் சதை முதல் பார்க்கின்சன் நோயின் தொடக்கம் வரை எதுவாகவும் இருக்கலாம். அதைச் சளியின் மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது.