ஊதியமும் விலையும் ஒன்றையொன்று துரத்திய காலம்: அமெரிக்கா, 1965–1983

விலைவாசி உயரும்போதெல்லாம் பழி முதலில் உழைப்பவர்கள் மீதே விழுகிறது. ஊதியத்தை உயர்த்தினால் விலை ஏறும், விலை ஏறினால் மீண்டும் ஊதியம் கேட்பார்கள், இதற்கு முடிவே இல்லை என்பது பழகிப்போன வாதம். பொருளியலில் இதனை ஊதிய–விலைச் சுழல் என்கிறார்கள். அப்படி ஒன்று உண்மையாகவே உண்டு. ஆனால் ஒவ்வொரு ஊதிய உயர்வும் சுழல் ஆகிவிடுவதில்லை. அது எப்போது தொடங்குகிறது, எதனால் நிற்கிறது, நிறுத்துவதன் சுமையை யார் ஏற்கிறார்கள் என்பதை அமெரிக்காவின் அனுபவத்தைக் கொண்டு பார்ப்போம்.

தொடங்கிய விதம்

1965இல் அமெரிக்காவில் பணவீக்கம் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அதன்பின் வியட்நாம் போர்ச் செலவும் உள்நாட்டு நலத்திட்டச் செலவும் ஒரே நேரத்தில் பெருகின. அதற்கு ஈடாக வரி உரிய காலத்தில் உயர்த்தப்படவில்லை. நாட்டால் உற்பத்தி செய்ய முடிந்ததைவிடத் தேவை அதிகமாயிற்று. வேலையின்மை 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 1969 முடிவில் பணவீக்கம் ஏறத்தாழ 6 விழுக்காட்டைத் தொட்டது. ஆகவே முதல் உந்துதல் ஊதியத்திலிருந்து வரவில்லை. அளவுக்கு மீறிய தேவையிலிருந்து வந்தது.

தொழிலாளர்கள் அதற்கு எதிர்வினையாற்றினார்கள். பெரிய தொழிற்சங்க ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கானவை. ஒப்பந்த காலத்துக்குள் விலை ஏறினால் கையில் வரும் ஊதியத்தின் மதிப்பு கரைந்துவிடும். எனவே அடுத்த பேச்சுவார்த்தையில் அவர்கள் இரண்டைக் கேட்டார்கள்: ஏற்கெனவே இழந்ததற்கு ஈடு, இனி ஏறப்போகும் விலைக்கு முன்கூட்டிய காப்பு. நம் அரசு ஊழியர்களின் அகவிலைப்படியைப் போல, விலைக் குறியீடு உயர்ந்தால் ஊதியமும் தானே உயரும் விதி 1948இலேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தத்தில் இடம்பெற்றிருந்தது. 1970களில் அது வேகமாகப் பரவியது.

1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடையால் சில மாதங்களிலேயே கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அந்த அதிர்ச்சி தேசத்தின் உண்மையான வருமானத்தைக் குறைத்தது. அந்த இழப்பைத் தான் ஏற்க நிறுவனமும் விரும்பவில்லை, தொழிலாளியும் விரும்பவில்லை. ஒருவர் விலையை உயர்த்தினார், மற்றவர் ஊதிய உயர்வு கேட்டார். சுழல் என்பது அடிப்படையில் இந்தப் பங்கீட்டுச் சண்டைதான்.

சுழலின் கணக்கு

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு தொழிற்சாலையில் உழைப்பாளியின் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்கிறது என்று கொள்வோம். ஊதியம் 4 விழுக்காடு உயர்ந்தால், ஒரு பொருளைச் செய்ய ஆகும் ஊதியச் செலவு 2 விழுக்காடே கூடும். விலையும் ஏறத்தாழ அவ்வளவே ஏறும். இங்கே சுழல் இல்லை.

இப்போது எண்ணெய் விலையால் ஓர் ஆண்டு பணவீக்கம் 8 விழுக்காடாகிறது. அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று எல்லோரும் நம்பினால், ஊதியம் 10 விழுக்காட்டுக்கு ஒப்பந்தமாகும். திறன் உயர்வைக் கழித்தால் செலவு 8 விழுக்காடு கூடும். விலையும் 8 விழுக்காடு ஏறும். எண்ணெய் விலை உயர்வது நின்றுவிட்ட பின்னரும் பணவீக்கம் 8 விழுக்காட்டிலேயே நிற்கிறது. அதைத் தாங்கி நிற்பது எதிர்பார்ப்பு மட்டுமே. மில்டன் ஃபிரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் 1960களின் பிற்பகுதியிலேயே இதனை எச்சரித்திருந்தார்கள்.

பாதியில் கைவிட்ட சிகிச்சை

1971 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் ஊதியத்தையும் விலையையும் 90 நாட்களுக்கு உறையவைத்தார். அதைத் தொடர்ந்த கட்டுப்பாடுகள் 1974இல் விலக்கப்பட்டதும் அடக்கிவைத்த விலைகள் பாய்ந்து ஏறின. மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தும். வேலையின்மை கூடியதும் இறக்கிவிடும். மக்கள் இதிலிருந்து ஒரு பாடம் கற்றார்கள்: பணவீக்கம் சற்றுத் தணியும், பிறகு மீண்டும் ஏறும். அந்தப் பாடமே ஒப்பந்தங்களில் எழுதப்பட்டது.

1979 ஆகஸ்டில் பால் வோல்கர் ஃபெடரல் ரிசர்வின் தலைவரானார். வங்கிகள் தமக்குள் ஓரிரவுக்குக் கொடுத்துக்கொள்ளும் கடனின் வட்டி 1980 ஏப்ரலில் 17 விழுக்காட்டைத் தாண்டியது. பணவீக்கம் அப்போது 14 விழுக்காட்டுக்கும் மேல் இருந்ததால் உண்மையான சுமை தோற்றத்தைவிடக் குறைவு. பொருளாதாரம் சரிந்ததும் அதே ஆண்டு கோடையில் வட்டி 9 விழுக்காட்டுக்கு இறங்கியது. அது பணவீக்கத்தைவிடக் குறைவு. வோல்கரும் முந்தையவர்களைப் போலவே பின்வாங்குவார் என்ற நம்பிக்கை உறுதிப்பட்டது. ஆகவே 1981 தொடக்கத்தில் வட்டியை 19 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டியதாயிற்று. இம்முறை வேலையின்மை ஏறியபோதும், விவசாயிகள் டிராக்டர்களுடன் வாஷிங்டனில் திரண்டபோதும், அவர் எளிதில் இறங்கவில்லை.

இறுக்கம் எதிர்பார்ப்பை உடைக்க வேண்டியது ஏன்? மந்தம் நிலவும்போது தொழிலாளி குறைந்த ஊதியத்துக்கு இசைவார். ஆனால் விலைகள் மீண்டும் 10 விழுக்காடு ஏறும் என்று அவர் நம்பும்வரை, அந்த இசைவு வேலை பறிபோகும் அச்சத்தால் மட்டுமே வருகிறது. அச்சம் நீங்கியதும் பழைய கோரிக்கை திரும்பும். எதிர்பார்ப்பே 4 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டால், யாருடைய வேலையையும் பறிக்காமலே குறைந்த உயர்வுக்கு ஒப்பந்தமாகும். நம்பிக்கை மாறத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வேலையிழப்பாகவே செலுத்தப்படுகிறது.

1982இல் வாகனத் தொழிலாளர் சங்கம் ஊதிய உயர்வுகளை விட்டுக்கொடுத்து, விலைக்கேற்ற படியைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டது. 1983இல் சராசரிப் பணவீக்கம் 3 விழுக்காட்டளவுக்கு வந்தது. அப்போதும் முழு நம்பிக்கை பிறக்கவில்லை. 1984இல் பத்தாண்டுக் கடன்பத்திரத்தின் வட்டி 10 விழுக்காட்டுக்கு மேலேயே இருந்தது. பணவீக்கம் திரும்பும் என்ற சந்தேகத்துக்கும் அதில் பங்குண்டு.

சுமந்தவர்கள்

1982 இறுதியில் நாட்டின் வேலையின்மை 10.8 விழுக்காடு. கறுப்பின மக்களிடையே 1983 ஜனவரியில் அது 21.2 விழுக்காடு. சுழலை ஓட்டிய வலுவான ஒப்பந்தங்களின் பயன் எல்லோருக்கும் கிட்டியதுமில்லை. கறுப்பின மக்கள் பெருமளவில் உழைத்த பண்ணை வேலையையும் வீட்டு வேலையையும் 1935ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் தன் பாதுகாப்பிலிருந்து விலக்கியிருந்தது. பேரம் பேசும் வலு இல்லாதவர்கள் விலையேற்றத்தில் முதலில் இழந்தார்கள். அதை நிறுத்தும்போதும் முதலில் வேலை இழந்தார்கள்.

அடையாளம் காண்பது எப்படி

ஊதிய உயர்வு மீது பழி வரும்போது நாம் மூன்றைக் கேட்க வேண்டும். உற்பத்தித் திறனைக் கழித்தபின் ஊதியச் செலவு விலையைவிட வேகமாக ஏறுகிறதா? ஊதியம் விலைக்கு முன்னே செல்கிறதா, இழந்ததை ஈடுசெய்யப் பின்னே ஓடுகிறதா? அடுத்த ஐந்து, பத்து ஆண்டுகளுக்கான எதிர்பார்ப்பு நகர்ந்திருக்கிறதா?

2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 விழுக்காட்டைத் தொட்டது. ஆனால் சராசரி ஊதியம் விலைக்குப் பின்தங்கியே இருந்தது. மக்களின் நீண்டகால எதிர்பார்ப்பு 3 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. வட்டி உயர்ந்தது; ஓராண்டில் பணவீக்கம் 3 விழுக்காடாகக் குறைந்தது. வேலையின்மையோ 4 விழுக்காட்டைத் தாண்டவில்லை. எதிர்பார்ப்பு பிடி விடாதிருந்ததால் அதை உடைக்கும் செலவும் நேரவில்லை. 1982இன் மருந்தை ஒவ்வொரு விலையேற்றத்துக்கும் பரிந்துரைப்பவர்களிடம் நாம் காட்ட வேண்டிய வேறுபாடு இதுவே.