சந்தை 733 புள்ளிகள் உயர்ந்த நாளில் மெழுகுவர்த்தி ஏன் சிவப்பு? கேண்டில்ஸ்டிக் சார்ட் ஸ்கிரீன்ஷாட்டைப் படிப்பது எப்படி?

வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுகிறது. கறுப்புத் திரையில் பச்சையும் சிவப்புமாக வரிசையாகக் குச்சிகள். அதில் ஒன்றை வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு, 'நாளைக்கு ராக்கெட்தான்' என்று ஒரு வரி. சென்னை, கோவை என்றில்லை, சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுபவரின் போனுக்கும் இப்போது இந்தப் படம் வருகிறது. பணம் போடுவதா வேண்டாமா என்பது இருக்கட்டும். முதலில் அந்தக் குச்சி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பார்த்துவிடலாம்.

பூ மார்க்கெட்டில் ஒரு மெழுகுவர்த்தி

பங்குச்சந்தைக்குப் போவதற்கு முன் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் போய்வருவோம். முகூர்த்த நாளுக்கு முந்தைய தினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் சும்மா உதாரணத்துக்குத்தான். நேற்று கடைசியாக ஒரு கிலோ மல்லிகை 500 ரூபாய்க்குப் போனது. இன்று காலை முதல் விற்பனையே 800 ரூபாய். கொஞ்ச நேரத்தில் 1,000 ரூபாயைத் தொடுகிறது. பிறகு வரத்து கூடி 600-க்கு இறங்குகிறது. மார்க்கெட் முடியும்போது 700.

இந்த ஒரு நாளின் கதையைப் படமாக வரைய நான்கு எண்கள் போதும்: தொடக்கம் 800, உச்சம் 1,000, அடி 600, முடிவு 700. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில், அதாவது 800-க்கும் 700-க்கும் இடையில், ஒரு தடித்த கட்டை வரையுங்கள். அதுதான் உடல், டிரேடர்கள் சொல்லும் 'பாடி'. கட்டையின் மேலிருந்து 1,000 வரை ஒரு மெல்லிய கோடு, கீழிருந்து 600 வரை இன்னொரு கோடு. இவைதான் திரிகள், அதாவது 'விக்'. இரண்டு பக்கமும் திரி உள்ள மெழுகுவர்த்தியை நிஜத்தில் யாரும் ஏற்றியிருக்க மாட்டோம், ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. 1730-லேயே அரசு அங்கீகாரத்துடன் அரிசி வியாபாரம் நடந்த ஜப்பானின் ஒசாகா பக்கத்திலிருந்து வந்த வழக்கம் இது என்பார்கள்.

சரி, இந்த மல்லிகை மெழுகுவர்த்திக்கு என்ன நிறம்? நேற்றைவிட இன்று கிலோவுக்கு 200 ரூபாய் அதிகம். பூ கொண்டுவந்த விவசாயிக்குச் சந்தோஷம்தான். ஆனால் மெழுகுவர்த்தி சிவப்பு! காரணம், வழக்கமான சார்ட்டில் நிறம் நேற்றைய விலையைப் பார்ப்பதில்லை. இன்றைய தொடக்கத்தையும் இன்றைய முடிவையும் மட்டுமே ஒப்பிடுகிறது. தொடங்கிய இடத்தைவிடக் கீழே முடிந்தால் சிவப்பு, மேலே முடிந்தால் பச்சை. அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ஏமாறுபவர்களில் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

2024 ஜூன் 3: சாதனை நாளில் சிவப்பு

இதே மல்லிகைக் கதை நிஃப்டியில் அப்படியே நடந்தது. 2024 ஜூன் 1, சனிக்கிழமை மாலை. மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும் கருத்துக்கணிப்புகள் வெளியாகின. பாஜக பெரிய வெற்றி பெறும் என்றன பெரும்பாலானவை. முந்தைய வெள்ளிக்கிழமை நிஃப்டி முடிந்த இடம் 22,530.70. திங்கள்கிழமை காலை அது தொடங்கிய இடமோ 23,337.90. நடுவில் 807 புள்ளிகளுக்கு வியாபாரமே நடக்கவில்லை. அன்றைய கீழ்த் திரி தொடாத பகுதி சார்ட்டில் வெறும் வெற்றிடமாகத் தெரியும். 'கேப்' என்பது இதைத்தான்.

அன்று நிஃப்டி 23,263.90-ல் முடிந்தது. வெள்ளிக்கிழமையைவிட 733 புள்ளிகள் உயர்வு. டிவியில் எல்லாம் 'புதிய உச்சம்' என்று ஓடியது. செய்தி உண்மைதான். ஆனால் அந்த நாளின் மெழுகுவர்த்தி சிவப்பு, ஏனென்றால் தொடங்கிய இடத்திலிருந்து 74 புள்ளிகள் கீழேதான் முடிந்தது. மேல் திரி கிட்டத்தட்ட இல்லை. கீழ்த் திரி 23,062.30 வரை, சுமார் 200 புள்ளி நீளம்.

அந்தச் சின்னச் சிவப்புக் கட்டையை எப்படிப் படிப்பது? உயர்வு முழுவதும் சந்தை திறக்கும் முன்பே விலையில் ஏறிவிட்டது. திறந்த பிறகு யாரும் அதை மேலே தள்ளவில்லை. வெள்ளிக்கிழமையே பங்கு வைத்திருந்தவருக்கு லாபம். 'உச்சம்' என்ற செய்தியைக் கேட்டுக் காலை 9.15-க்கு வாங்கியவருக்கு அன்று மாலையே கொஞ்சம் நஷ்டம். ஒரே நாள், ஒரே சந்தை, இரண்டு பேருக்கு இரண்டு கதை. மெழுகுவர்த்தி சொல்வது இரண்டாவது ஆளின் கதையை.

அடுத்த நாள்: நீண்ட திரி

ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை. கணித்தபடி நடக்கவில்லை. பாஜக 240 இடங்களில் நின்றது, தனிப்பெரும்பான்மைக்கு 272 வேண்டும். டிரேடிங்வியூ போன்ற தளத்தில் அந்த நாளின் மெழுகுவர்த்தி மேல் விரலை வைத்தால் மேலே இப்படி ஒரு வரி வரும்:

```
O23,179.50 H23,179.50 L21,281.45 C21,884.50 −1,379.40 (−5.93%)
```

O தொடக்கம், H உச்சம், L அடி, C முடிவு. தொடக்கமும் உச்சமும் ஒரே எண் என்பதைக் கவனியுங்கள். அதனால் மேல் திரி கிடையாது. திறந்த நொடியிலிருந்து ஒரு தடவைகூட அந்த விலைக்கு மேலே போகவில்லை என்று அர்த்தம். உடல் 1,295 புள்ளி நீளச் சிவப்பு. அதற்குக் கீழே 603 புள்ளிக்கு ஒரு திரி. 21,281 வரை விழுந்த சந்தை, முடியும்போது 603 புள்ளிகளை மீட்டிருக்கிறது. அந்த ஆழத்தில் விற்பவர்களைவிட வாங்குபவர்கள் வேகமாக இருந்தார்கள். திரி சொல்வது இதை மட்டும்தான்: விலை அங்கே போனது, அங்கே நிற்கவில்லை.

கடைசியில் இருக்கும் −1,379.40 உடலின் நீளமான 1,295-ஓடு ஒத்துப்போகவில்லையே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த எண் முந்தைய நாள் முடிவோடு ஒப்பிட்டது, உடல் அன்றைய தொடக்கத்தோடு ஒப்பிட்டது. நடுவில் இருக்கும் 84 புள்ளி, காலையில் கீழே திறந்த கேப்.

படம் சொல்லாதது

இப்போது ஒரு விஷமமான கற்பனை. ஜூன் 4 அன்று நிஃப்டி 21,281-ஐத் தொட்ட அதே கணத்தில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால்? அந்தப் படத்தில் கீழ்த் திரியே இருந்திருக்காது. 1,898 புள்ளிக்கு முழுச் சிவப்புக் கட்டைதான். நாள் முடியாதவரை அந்த 'முடிவு' விலை என்பது அந்த நேரத்து விலை மட்டுமே. விலை திரும்பி ஏறும்போதுதான் உடல் சுருங்கி, விட்டுப்போன இடம் திரியாகிறது. ஆக, படத்தின் வலது ஓரத்தில் இருக்கும் கடைசி மெழுகுவர்த்தி இன்னும் எரிந்துகொண்டிருக்கலாம். வட்டமிட்டு அனுப்பப்படும் மெழுகுவர்த்தியும் பெரும்பாலும் அந்தக் கடைசி ஒன்றுதான்.

இன்னொன்று, கால அளவு. ஒவ்வொரு குச்சியும் ஒரு நாளா, 15 நிமிடமா, 5 நிமிடமா? திரையின் மேல் இடது பக்கம் `1D`, `15`, `5` என்று இருக்கும். அதை வெட்டிவிட்டு அனுப்பினால் அந்தப் படத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியாது. வலது பக்க விலை அளவுகோலும் அப்படியே. திரையை நிரப்பும்படி சார்ட் தானாக நீட்டிக்கொள்வதால், அளவுகோலை மறைத்துவிட்டால் 74 புள்ளி உடலும் 1,295 புள்ளி உடலும் பார்வைக்கு ஒரே உயரம்தான்.

எது முதலில் நடந்தது என்பதையும் மெழுகுவர்த்தி சொல்லாது. ஜூன் 5-ல் நிஃப்டி 22,128-ல் தொடங்கி 22,620-ல் முடிந்தது. பச்சை. அடி 21,792, உச்சம் 22,670. முதலில் விழுந்து பிறகு ஏறியதா, ஏறி விழுந்து மறுபடி ஏறியதா? தினசரி மெழுகுவர்த்தியில் இரண்டுக்கும் ஒரே உருவம்தான் கிடைக்கும். வழியைத் தெரிந்துகொள்ள 5 நிமிட சார்ட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்.

நீண்ட கீழ்த் திரி வந்தால் விலை ஏறுமா?

'கீழே நீண்ட திரி, இனி ஏற்றம்தான்' என்பது குழுக்களில் அடிக்கடி வரும் வசனம். ஜூன் 4-ஐப் பார்த்தால் அது பலித்த மாதிரியே தெரியும். அடுத்த மூன்று நாளில் சந்தை மீண்டு, ஜூன் 7 அன்று 23,290-ல் முடிந்தது.

ஆனால் 2020 மார்ச் 13-ஐயும் பார்க்க வேண்டும். கொரோனா பயத்தில் நிஃப்டி 9,107.60-ல் திறந்து 8,555.15 வரை விழுந்தது. 10 சதவீத வரம்பைத் தொட்டதால் காலையிலேயே வர்த்தகம் நிறுத்திவைக்கப்பட்டது. மீண்டும் தொடங்கியதும் நேர்மாறாக ஏறி, 9,955.20-ல் முடிந்தது. சார்ட்டில் பிரம்மாண்டமான பச்சை உடல், கீழே 552 புள்ளித் திரி. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு அழகு. அடுத்த வர்த்தக நாளே, மார்ச் 16 அன்று, நிஃப்டி 758 புள்ளிகள் சரிந்தது. மார்ச் 23-ல் 7,610-க்கு வந்து நின்றது. திரியை நம்பி 9,955-ல் வாங்கியவர் பத்தே நாளில் போட்ட பணத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்திருப்பார்.

இரண்டு நாளிலும் திரி பொய் சொல்லவில்லை. அன்று என்ன நடந்தது என்பதைச் சரியாகத்தான் சொன்னது. மறுநாளைப் பற்றி அதில் தகவல் இல்லை.

குழுவில் படம் வந்தால்

மேலே சொன்ன நான்கு எண்களும், கால அளவும், தேதியும் படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அனுப்பியவரிடம் கேளுங்கள், அல்லது அதே பங்கின் சார்ட்டை நீங்களே திறந்து அதே நாளைத் தேடுங்கள். இலவசமாகவே கிடைக்கிறது. குச்சிகள் எல்லாம் ஒரே சீராக, தொடர்ச்சியாக ஒரே நிறத்தில் இருந்தால் அது 'ஹெய்கின் ஆஷி' வகையாக இருக்கலாம். சராசரி எடுத்து வரையப்படுவதால் அதன் உடலும் திரியும் நிஜ விலையைக் காட்டாது. நிறங்களையும் யார் வேண்டுமானாலும் மாற்றிவைக்க முடியும். சீனாவில் சிவப்புதான் ஏற்றத்தின் நிறம்.

பங்கு பெயரைச் சொல்லி 'வாங்கு, விற்றுவிடு' என்று காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆய்வாளர்களின் பதிவு எண் INH என்றும், முதலீட்டு ஆலோசகர்களின் எண் INA என்றும் தொடங்கும். செபி இணையதளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். 'நான் ஆலோசனை சொல்லவில்லை, பாடம்தான் எடுக்கிறேன்' என்று சொல்பவர்களுக்கும் 2025 ஜனவரியில் செபி ஒரு கோடு போட்டது: பாடத்தில் காட்டும் விலை விவரம் குறைந்தது மூன்று மாதம் பழையதாக இருக்க வேண்டும் என்று அப்போது சொன்னது. 'பயிற்சி வகுப்பு' என்ற பெயரில் வரும் படத்தில் இன்றைய தேதி இருந்தால், அது பாடம் இல்லை.