ஏர்கோன் போட்டால் பில் எவ்வளவு ஏறும்? நீங்களே கணக்குப் போடலாம்

ரந்தாவ் பக்கம் ஒரு தோட்ட வீடு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 180 யூனிட் மின்சாரம் ஓடுகிறது. மகன் முதல் சம்பளத்தில் 1 எச்.பி. ஏர்கோன் வாங்கலாம் என்கிறான். "வேணாம்பா, பில்லு ஏறிடும்" என்கிறார் அம்மா. ஏறும்தான். ஆனால் எவ்வளவு? அதைக் கடைக்குப் போகும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு யூனிட் என்றால் என்ன?

மீட்டரில் தெரியும் kWh, அதாவது கிலோவாட் மணிதான் நாம் சொல்லும் யூனிட். 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எனவே வாட்டை மணி நேரத்தால் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும்.

வாட் எவ்வளவு என்பது பொருளின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். ஏர்கோனில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். எச்.பி., பி.டி.யு. இரண்டும் குளிரூட்டும் அளவைக் காட்டுபவை. நமக்குத் தேவை, அது இழுக்கும் மின்சாரத்தின் வாட்.

லேபிளில் 800 வாட் என்று இருக்கிறது, இரவில் 8 மணி நேரம் ஓடும் என்றால்:

800 × 8 ÷ 1,000 = 6.4 யூனிட்
6.4 × 30 நாள் = 192 யூனிட்

ஒரு யூனிட் என்ன விலை?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 2025 ஜூலை 1 முதல், வீடுகளுக்கான டி.என்.பி. அடிப்படைக் கட்டணம் மாதம் 1,500 யூனிட் வரை ஒரு யூனிட்டுக்கு 44.43 சென். ஆனால் குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு இதில் கழிவு உண்டு. 200 யூனிட் வரை 25 சென் கழிவு. 301 முதல் 350 யூனிட் வரை 21 சென். 351 முதல் 400 வரை 17 சென். அந்த மாதத்தின் மொத்தப் பயன்பாடு எந்தப் படியில் விழுகிறதோ, அந்தக் கழிவுதான் எல்லா யூனிட்டுக்கும்.

அதனால் ஏர்கோனின் 192 யூனிட்டை மட்டும் தனியாகப் பெருக்கினால் கணக்கு தப்பிவிடும். மொத்த பில்லை இரண்டு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது: 180 × 19.43 சென் = 34.97 ரிங்கிட்
ஏர்கோனோடு: 372 × 27.43 சென் = 102.04 ரிங்கிட்

வித்தியாசம் சுமார் 67 ரிங்கிட். இதில் ஒரு பகுதி ஏர்கோன் இழுத்த மின்சாரத்துக்கு அல்ல. ஏற்கெனவே ஓடிய 180 யூனிட்டுக்கும் கழிவு 25 சென்னிலிருந்து 17 சென்னுக்குக் குறைந்ததால் வந்தது. 300 யூனிட்டைத் தாண்டினால் சேரும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக் கட்டணத்தை இங்கே சேர்க்கவில்லை.

லேபிள் சொல்வது சரியா?

எப்போதும் இல்லை. அறை குளிர்ந்ததும் ஏர்கோனின் கம்ப்ரசர் நின்றுவிடும், இன்வெர்ட்டர் வகை என்றால் வேகம் குறையும். குளிர்பதனப் பெட்டியும் அப்படித்தான், விட்டுவிட்டு ஓடும். மின்விசிறி, விளக்கு போன்றவற்றுக்கு லேபிள் கணக்கு ஓரளவு பொருந்தும். விட்டுவிட்டு ஓடும் பொருளுக்கு அது பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும்.

வாங்கிய பிறகு உண்மையான கணக்கு தெரிய வேண்டுமா? மீட்டரைப் பாருங்கள். ஏர்கோன் இல்லாமல் 5 இரவு, படுக்கும்போதும் 8 மணி நேரம் கழித்து எழுந்ததும் மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். ஏர்கோனோடு 5 இரவு அதையே செய்யுங்கள். ஒரே இரவை வைத்து முடிவு செய்தால், மீட்டர் முழு எண்ணை மட்டும் காட்டும்போது பிழை பெரிதாகிவிடும்.

முதல் 5 இரவுக்கு 8 யூனிட், அடுத்த 5 இரவுக்கு 32 யூனிட் என்று வந்தால் வித்தியாசம் 24. ஓர் இரவுக்கு 4.8, மாதத்துக்கு 144 யூனிட். மொத்தம் 324 யூனிட், 21 சென் கழிவுப் படி:

324 × 23.43 சென் = 75.91 ரிங்கிட்

ஆக, ஏறுவது 67 அல்ல, 41 ரிங்கிட்தான். மழை நாளில் அளந்தால் குறைவாகவும் வெயில் நாளில் கூடுதலாகவும் வரும். அதனால் இரண்டு வாரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வானிலையாக இருக்கட்டும்.

மீட்டர் நம் பெயரில் இல்லையென்றால்?

சில தோட்டக் குடியிருப்புகளில் மின்சாரத்துக்கு நிர்வாகமே பணம் பிடித்துக்கொள்ளும். அங்கே மேலே சொன்ன கழிவு விலையை அப்படியே போடாதீர்கள். பிடித்த தொகையை உங்கள் வீட்டுத் துணை மீட்டரில் ஓடிய யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். 60 ரிங்கிட் பிடித்து 150 யூனிட் ஓடியிருந்தால், ஒரு யூனிட் 40 சென். மாதாமாதம் இந்த எண் மாறிக்கொண்டே இருந்தால், விலை எப்படிப் போடுகிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்கலாம். கேட்கப் போகும்போது இரண்டு மாத மீட்டர் எண்களும் தேதியும் கையில் இருக்கட்டும்.