விலகி நிற்பதும் வேளை பார்த்து நெருங்குவதும்

இரவெல்லாம் மட்டக்களப்பு வாவியில் வலை போட்டு, விடியலில் மீன் விற்ற காசோடு கசிப்புக் குடிக்கப் போகும் கணவன். வேலைக்குப் போகாத நாளில் "அவருக்குக் காய்ச்சல்" என்று முதலாளியிடம் சொல்லும் மனைவி. கசிப்புக் கடனை அடைக்கக் காப்பையும் அடகு வைக்கிறாள். படுவான்கரையில் பலருக்கும் தெரிந்த வீடுதான் இது. இந்தப் பெண்ணுக்கு இரண்டு வழிமுறைகள் இரண்டு விதமாக ஆலோசனை சொல்கின்றன.

ஒன்று, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் அமெரிக்காவில் உருவான அல்-அனன். அவர் குடிப்பதற்கு நீ காரணமல்ல, அதை உன்னால் நிறுத்தவும் முடியாது. உன் வாழ்வைப் பார் என்கிறது அது. மற்றது, உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் வகுத்த 'கிராஃப்ட்' பயிற்சி. குடியை நிறுத்த உன்னால் முடியாவிட்டாலும், சிகிச்சைக்குப் போகும் மனத்தை அவரிடம் உண்டாக்க உன்னால் முடியும் என்கிறது இது.

காய்ச்சல் பொய்யையும் காப்பை அடகு வைப்பதையும் இரண்டுமே விடச் சொல்கின்றன. குடியின் விளைவை மனைவியே சுமந்துகொண்டால், குடித்தவருக்கு அது தெரியாமலே போய்விடும்.

அவர் குடிக்காத நாளில்தான் வழிகள் பிரிகின்றன. அல்-அனன் வழியில் போகிறவள் அன்றும் தன் அமைதியையே முதலில் பார்க்கிறாள். கிராஃப்ட் அந்த நாளைப் பயன்படுத்தச் சொல்கிறது. அவர் எந்த நாளில், யாரோடு, எவ்வளவு குடிக்கிறார் என்று அவள் முதலில் கவனிக்கிறாள். கையில் காசு புழங்கும் நாள்தான் சிக்கல் என்று தெரிகிறது. குடிக்காமல் வந்த அன்று கூட இருந்து சாப்பிட்டு, "இப்படி நீங்க இருக்கிறது எனக்குச் சந்தோஷம்" என்கிறாள். குடித்து வந்தால் சண்டையும் இல்லை, பரிமாறலும் இல்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு படுத்துவிடுகிறாள். அவரே வருந்தும் காலையில் சிகிச்சைப் பேச்சை எடுக்கிறாள். கிளினிக் நாளை அதற்கு முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் வருந்தும் அந்த மனநிலை மாலைவரை நிற்காது.

1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 130 குடும்பத்தாரிடம் இவற்றை ஒப்பிட்டது. கிராஃப்ட் வழியில் 64 சதவீதக் குடிநோயாளிகள் சிகிச்சைக்கு வந்தார்கள். அல்-அனன் வழியில் 13 சதவீதம். ஆனால் அல்-அனனின் நோக்கம் குடிப்பவரைச் சிகிச்சைக்கு அழைத்துவருவதல்ல, குடும்பத்தாரின் நலம். அதை இந்த எண்ணால் அளக்க முடியாது.

அடி விழும் வீட்டில் கிராஃப்டை அப்படியே பின்பற்றுவது ஆபத்து. சோறு பரிமாறாததே அடிக்குக் காரணமாகலாம். அங்கே முதல் வேலை, அவளும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருப்பது. 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது.

எந்த வழியானாலும், தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் அடைத்து வைத்து ஒரேயடியாக நிறுத்தவைக்கக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டிப் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கமும் வியர்வையும் கூடினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். விளைவைச் சுமக்காதே என்ற விதி இங்கே பொருந்தாது.