ஒரு நாளா, ஒரு கவளமா? பௌத்தத்தில் மரண தியானம்

வஜ்ஜி நாட்டில் நாதிகம் என்றொரு ஊர். அங்கே செங்கல்லால் கட்டிய மண்டபத்தில் தங்கியிருந்த புத்தர், மரணத்தை நினைத்துப் பழகுகிறீர்களா என்று துறவிகளைக் கேட்டார். பழகுகிறோம் என்று ஆறு பேர் சொன்னார்கள். அங்குத்தர நிகாயம் என்ற பாலி நூல் இந்த உரையாடலைச் சொல்கிறது.

எப்படிப் பழகுகிறீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. இன்னும் ஒரு பகலும் இரவும் உயிரோடு இருந்தால் போதும், எவ்வளவோ செய்துவிடலாம் என்று நினைப்பதாக முதல் துறவி சொன்னார். இரண்டாமவர் ஒரு பகல் என்றார். மூன்றாமவர் ஒரு வேளை உணவு உண்ணும் நேரம் என்றார். நான்காமவருக்கு நாலைந்து கவளம் மென்று விழுங்கும் நேரம். ஐந்தாமவருக்கு ஒரே கவளம். ஆறாமவருக்கு ஒரு மூச்சு.

முதல் நால்வரும் அசட்டையாக இருக்கிறார்கள், கடைசி இருவரே விழிப்போடு இருக்கிறார்கள் என்றார் புத்தர். ஆறு பேருமே மரணத்தைத்தான் நினைத்தார்கள். ஆனால் 'இன்னும் ஒரு நாள் இருக்கிறது' என்று எண்ணியவர், அந்த ஒரு நாளுக்கும் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட இடம் வைத்துக்கொண்டார்.

இதற்கு அடுத்த சூத்திரம் செய்முறையைச் சொல்கிறது. பொழுது சாயும்போது துறவி உட்கார்ந்து, தான் சாகக்கூடிய வழிகளை எண்ணுகிறார். பாம்பு கடிக்கலாம், தேள் கொட்டலாம், கால் இடறி விழலாம், உண்டது செரிக்காமல் போகலாம். பிறகு, இன்றிரவே இறந்தால் தனக்குத் தடையாக நிற்கும் தீய குணம் எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார். உதாரணமாக, சக துறவி மீது ஒரு வன்மம் இருக்கலாம். இருந்தால், தலைமுடியில் தீப்பற்றியவன் அதை அணைக்கும் வேகத்தில் அதைப் போக்க வேண்டும். இல்லையென்றால் மகிழ்ச்சியோடு இருக்கலாம். விடியும்போது மீண்டும் இதே சோதனை.

இந்தப் பயிற்சி தவறிப்போவதும் உண்டு. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசர் அதை விளக்குகிறார். அன்புக்குரியவரின் சாவை நினைத்தால் துக்கம் வரும். பகைவரின் சாவை நினைத்தால் மகிழ்ச்சி வரும். யாரோ ஒருவரின் சாவு, பிணம் எரிப்பவருக்குப் பிணம் போல, எதையும் உண்டாக்காது. தன் சாவை நேரடியாக நினைத்தாலோ, ஓங்கிய வாளைக் கண்ட கோழையைப் போல நடுக்கம் வரும்.

இதற்கு அவர் சொல்லும் வழி, ஒரு காலத்தில் வசதியாக வாழ்ந்து மறைந்தவர்களைப் பார்த்து, அங்கிருந்து தன்னிடம் வருவது. பெரும் புகழும் செல்வமும் பெற்றவர்களே போய்விட்டார்கள் என்றால் தனக்கு மட்டும் விலக்கு எப்படிக் கிடைக்கும் என்று ஒப்பிடுவது.

அழுகையோ நடுக்கமோ மட்டும் மிஞ்சினால் பயிற்சி வழிதவறிவிட்டது. இன்றிரவுக்குள் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தால், அது சரியாக நடக்கிறது.