ராத்திரியில் பாத வலி... காலைத் தொங்கப்போட்டால் குறைகிறதா? ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம்!

காரைக்குடியில் 62 வயதான ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பல வருஷமாக சர்க்கரை நோய், பீடிப் பழக்கமும் உண்டு. ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்தில் விரல்களிலும் முன்பாதத்திலும் எரிச்சலோடு வலி வரும். எழுந்து திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வலி அடங்கும். "தொங்கப்போட்டாத்தான் உசுரு வருது" என்று உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இப்படி மூணு வாரம் ஓடிவிட்டது.

வாயு, நரம்புத் தளர்ச்சி என்று விட்டுவிடக்கூடிய வலி அல்ல இது.

ராத்திரியில் மட்டும் ஏன்?

காலுக்குப் போகும் தமனி கடுமையாக அடைபட்டால், பாதத்துக்கு ரத்தம் கசிந்துதான் போகும். நிற்கும்போதும் உட்காரும்போதும் புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்க உதவுகிறது. படுத்தால் அந்த உதவி போய்விடும். தூக்கத்தில் ரத்த அழுத்தமும் குறையும். ஓய்வில்கூட தேவையான ரத்தம் கிடைக்காமல் பாதம் வலிக்கிறது. தொங்கப்போடுவது அடைப்பைச் சரிசெய்யாது. நாள்கணக்கில் தொங்கினால் கால் வீங்கி, ரத்த ஓட்டம் இன்னும் சிரமமாகும்.

வேறு வலி இல்லை என்று எப்படித் தெரியும்?

கெண்டைக்கால் பிடிப்பு, காலை நீட்டி மடக்கினால் விடும். சர்க்கரையால் வரும் நரம்பு எரிச்சல், தொங்கப்போட்டாலும் பெரும்பாலும் மாறாது. நரம்புச் சுருட்டல் வலி, காலை உயர்த்தினால்தான் குறையும். இது நேர்மாறு: உயர்த்தினால் பாதம் வெளுக்கும், வலி கூடும், தொங்கப்போட்டால் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்து 'ரத்த ஓட்டம் நல்லாத்தான் இருக்கு' என்று ஏமாறக்கூடாது.

என்ன பரிசோதனை?

கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை டாப்ளர் கருவியால் அளப்பார்கள். நம் உதாரணத்தில் கணுக்காலில் 42, கையில் 140. வகுத்தால் 0.3. இது 0.9-க்கு மேல் இருக்க வேண்டும், 0.4-க்குக் கீழே போனால் கடுமையான அடைப்பு.

ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, அடைப்பு இருந்தும் அளவு நார்மலாகக் காட்டலாம். அப்போது கால் பெருவிரலின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அது 30-க்குக் கீழே இருந்தால் ஆபத்து.

என்ன செய்யக்கூடாது?

வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். உணர்வு குறைந்த பாதம் வெந்து, புண் ஆறாது. இறுக்கமான காலுறை, கட்டு போடாதீர்கள். வலி மாத்திரையோடு நாளைக் கடத்தாதீர்கள். அடுத்த கட்டம் ஆறாத புண், பிறகு விரல் கறுப்பது.

எங்கே போவது?

ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரைச் சில நாட்களுக்குள் பார்க்க வேண்டும். இந்தப் பகுதிக்காரர்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அதற்கான பிரிவு இருக்கிறது. பலூன் சிகிச்சையோ பைபாஸோ செய்து ரத்த ஓட்டத்தைத் திருப்பினால் காலைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பீடியை அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

திடீரென கால் சில்லிட்டு, மரத்து, அசைக்க முடியாமல் போனால் நாள் பார்க்க நேரமில்லை. சில மணி நேரம்தான் அவகாசம். உடனே 108-ஐ அழையுங்கள்.